கோணம் சரியாக இருந்தாலும் ஒளி போகாது: 220 நானோமீட்டர் சிலிக்கான் தகடு சொல்லும் கணக்கு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்தெருக்களுக்குள் நுழைந்தால், கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு கேபிள்கள் தொங்குவதைப் பார்க்கலாம். அவற்றில் பல இப்போது ஒளி இழை கேபிள்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டிக்கு அந்த வழியாக வந்து சேர்வது மின்சாரம் அல்ல, ஒளி. பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில், வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து திரும்பிப் போவது 1310 நானோமீட்டர். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

வளைந்து நெளிந்து போகும் கண்ணாடி இழையிலிருந்து ஒளி ஏன் வெளியே சிந்துவதில்லை? பிளஸ் டூ படிக்கும் யாரைக் கேட்டாலும் ‘முழு அக எதிரொளிப்பு’ என்று பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அது பாதி பதில். முழு அக எதிரொளிப்பு மட்டும்தான் நிபந்தனை என்றால், எண்ணற்ற கோணங்களில் ஒளி உள்ளே ஓட வேண்டும். உண்மையில் ஓடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில கோணங்களில்தான். பல நேரங்களில் ஒரே ஒரு கோணத்தில். மீதிப் பாதி பதில் அங்கேதான் இருக்கிறது.

உருளைக்குப் பதில் தகடு

ஒளி இழை உருளை வடிவம் கொண்டது. அதன் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. எனவே கல்லூரியில் முதலில் எடுத்துக்கொள்வது ஒரு தட்டையான தகடு: மேலும் கீழும் ஒளிவிலகல் எண் குறைந்த பொருள், நடுவில் எண் அதிகமான மெல்லிய அடுக்கு. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஜாம் தடவியது மாதிரி. இதைத் தகட்டு அலைவழி என்கிறார்கள்.

இது பாடப்புத்தகப் பயிற்சி மட்டுமல்ல. பெருங்களத்தூரில் புறநகர் ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கும் சென்னை ஐஐடி-யில், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியுதவியோடு, சிலிக்கான் ஒளிச்சில்லுகளுக்கென்றே ஒரு உயர் ஆய்வு மையம் இயங்குகிறது. மின் பொறியியல் துறைப் பேராசிரியர் பிஜோய் கிருஷ்ண தாஸ் அதை வழிநடத்துகிறார். மின்சாரம் ஓடும் கம்பிகளுக்குப் பதிலாக, ஒளி ஓடும் பாதைகள் பொறிக்கப்பட்ட சிலிக்கான் சில்லுகள்தான் அங்கே ஆய்வுப் பொருள்.

இத்தகைய சில்லுகளைத் தயாரிக்கும் உலகின் பல ஆலைகளில் சிலிக்கான் அடுக்கின் வழக்கமான தடிமன் 220 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். 200 இல்லை, 300 இல்லை, ஏன் 220? அந்தத் தகட்டையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதல் நிபந்தனை: கோணம்

சில்லுகளில் அதிகம் பயன்படும் 1550 நானோமீட்டர் ஒளிக்கு, சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.48. மேலும் கீழும் உள்ள சிலிக்கா கண்ணாடிக்கு 1.444. சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.415. அதை சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் 24.5 டிகிரி. இதுதான் மாறுநிலைக் கோணம்.

கோணத்தைத் தகட்டின் பரப்பிலிருந்து அளக்கக் கூடாது. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அப்படி அளந்து 24.5 டிகிரிக்கு மேல் சாய்ந்து போகும் எந்த ஒளியும் சிலிக்கானை விட்டு வெளியேறாது. மேல் பரப்பில் பட்டுக் கீழே, கீழ்ப் பரப்பில் பட்டு மேலே எனக் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 24.5-க்கும் 90-க்கும் நடுவே எத்தனை கோணங்கள்? கணக்கே இல்லை.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். 1550 நானோமீட்டர் ஒளி சிலிக்கானுக்குள் போகும்போது அதன் அலைநீளம் 3.48 மடங்கு சுருங்கி, சுமார் 445 நானோமீட்டர் ஆகிறது. தகட்டின் தடிமனோ 220. அதாவது தகடு ஓர் அலைநீளத்தில் பாதிதான். இவ்வளவு ஒடுக்கமான இடத்தில் ஒளியை மெல்லிய கோடாக வரைந்து பார்ப்பது சரிவராது. மேலே போகும் அலையும் கீழே வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தபடியேதான் இருக்கும். அலைகள் படிந்தால், ஒன்று கூடும்; இல்லையென்றால் அடிபடும்.

இரண்டாவது நிபந்தனை: ஒரு சுற்று முடிந்ததும் தாளம் சேர வேண்டும்

ஊஞ்சல் ஆட்டியவர்களுக்கு இது தெரியும். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் அந்தக் கணத்தில் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் ஆட்டத்தைக் கூட்டும். தாளம் தப்பித் தள்ளினால் முன்பு தள்ளியதையே அடுத்த தள்ளல் கெடுத்துவிடும்.

தகட்டுக்குள் ஒளிக்கும் இதே கதைதான். அலை மேலே போய், மோதி, கீழே வந்து, மறுபடி மோதி, பழைய திசையில் கிளம்புகிறது. இது ஒரு முழுச் சுற்று. அப்படிச் சுற்றி வந்த அலையின் ஏற்ற இறக்கம், சுற்றப் போகாத அலையின் ஏற்ற இறக்கத்தோடு பொருந்த வேண்டும். இயற்பியலில் இதைக் கட்டம் என்பார்கள். ஓர் அலை முழுவதும் ஏறி இறங்கி முடித்தால் 360 டிகிரி கட்டம். எனவே சுற்றின் முடிவில் கட்ட வித்தியாசம் 0 ஆகவோ, 360 ஆகவோ, 720 ஆகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் அலைகள் கூடும்.

சூத்திரமாக எழுதினால் இப்படி:

```
4π·n₁·d·cosθ / λ − 2φ = 2π·m      (m = 0, 1, 2 ...)
```

இதில் முதல் பகுதி பயணத்தால் சேரும் கட்டம். d என்பது தடிமன், θ என்பது கோணம், n₁ சிலிக்கானின் ஒளிவிலகல் எண், λ வெற்றிடத்தில் அலைநீளம். இரண்டாவது பகுதியான φ, ஒவ்வொரு மோதலிலும் கழியும் கட்டம். மோதல் இரண்டு என்பதால் 2φ.

‘சாய்ஞ்சு போனா தூரம் அதிகம்தானே?’

பல மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. செங்குத்துக் கோட்டிலிருந்து அதிகம் சாய்ந்து போகிற ஒளி, மேலேயிருந்து கீழே வர நீளமான பாதையில் போக வேண்டும். அப்படியானால் கட்டமும் அதிகமாகச் சேர வேண்டும், cosθ-ஆல் வகுக்க வேண்டும். சூத்திரத்தில் ஏன் பெருக்கியிருக்கிறார்கள்?

காரணம், நாம் ஒப்பிடுவது ஒரே அலையை அதன் புறப்பட்ட இடத்தோடு அல்ல. சுற்றி வந்த அலையையும், நேராகப் போய் அதே இடத்தை அடைந்த மற்றோர் அலையையும் ஒப்பிடுகிறோம். தகட்டின் நீளவாக்கில் இரண்டுமே ஒரே அளவு முன்னேறியிருக்கின்றன. அந்தப் பங்கு இருவருக்கும் பொது, கழித்துவிடலாம். மீதம் நிற்பது தடிமன்வாக்கில், மேலும் கீழும் நடந்த பயணம் மட்டும். அலை எவ்வளவு சாய்ந்து போகிறதோ அந்த அளவுக்கு அதன் மேல்-கீழ் ஓட்டம் குறையும். அதனால்தான் பெருக்கல். தகட்டை ஒட்டிப் படுத்தபடி 90 டிகிரியில் போகும் ஒளிக்கு இந்தப் பகுதி பூஜ்யம்.

மோதும்போது கட்டம் ஏன் மாறுகிறது?

முழு அக எதிரொளிப்பில் ஒளி பரப்பில் பட்டென்று திரும்புவதில்லை. வெளியே உள்ள கண்ணாடிக்குள் கொஞ்ச தூரம் நுழைந்து, மங்கி, திரும்புகிறது. ஆற்றல் முழுவதும் திரும்பிவிடும். ஆனால் தாளம் சற்றே தள்ளிப்போயிருக்கும். அந்தத் தள்ளலும் கோணத்தைப் பொறுத்தது. மாறுநிலைக் கோணத்தில் φ பூஜ்யம். பரப்பை ஒட்டிப் போகும் 90 டிகிரியில் 180. நடுவில் படிப்படியாக ஏறும். மின்புலம் தகட்டின் பரப்புக்கு இணையாக அசையும் டி.இ. வகை ஒளிக்கு அதன் சூத்திரம்:

```
φ = 2·arctan( √(n₁²·sin²θ − n₂²) / (n₁·cosθ) )
```

இதில் n₂ என்பது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

முதலில் 40 டிகிரி. மாறுநிலைக் கோணத்தைவிட மிக அதிகம். முழு அக எதிரொளிப்பு நிச்சயம் உண்டு. பயணத்தால் சேரும் கட்டம் 272 டிகிரி. இரண்டு மோதல்களிலும் சேர்த்துக் கழிவது 131 டிகிரி. மீதி சுமார் 142. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் அலை 142 டிகிரி தாளம் தப்புகிறது. அடுத்தடுத்த சுற்றுகளில் கட்டம் 0, 142, 284, அப்புறம் 66 என்று திசைக்கொன்றாகச் சிதறும். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றும் மிஞ்சாது. கோணம் சரி, ஆனால் பாதை மூடியிருக்கிறது.

அந்த ஒளியின் ஆற்றல் மாயமாகிவிடாது. தகட்டின் வாயிலில் ஒளியைச் செலுத்தும்போது, பொருந்துகிற பங்கு மட்டும் உள்ளே பிடித்துக்கொள்ளும். பொருந்தாதது திரும்பிப் போகும் அல்லது வெளியே சிதறும். அவ்வளவுதான்.

இப்போது 55 டிகிரி. பயணக் கட்டம் 204. ஒவ்வொரு மோதலிலும் கழிவது 102, இரண்டுக்கும் 204. மீதி பூஜ்யம். சுற்றுக்குச் சுற்று தாளம் அப்படியே பொருந்துகிறது. 220 நானோமீட்டர் தகட்டில் டி.இ. வகை ஒளி ஓட வேண்டிய கோணம் இதுதான். இப்படித் தாளம் பொருந்தி ஓடும் ஒவ்வொரு வகையையும் ஒரு மோட் என்கிறார்கள். இங்கே கிடைத்திருப்பது m = 0, முதல் மோட். 3.48-ஐ 55 டிகிரியின் சைனால் பெருக்கினால் 2.85 வருகிறது. தகட்டின் நீளவாக்கில் ஒளி, ஒளிவிலகல் எண் 2.85 உள்ள ஒரு பொருளில் போவதுபோல முன்னேறும் என்று அர்த்தம்.

‘சரி, ரெண்டாவது மோட் ஏன் இல்லை?’

m = 1 கிடைக்க வேண்டுமானால் மீதிக் கட்டம் 360 ஆக வேண்டும். கோணத்தை 55-லிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் மீதி ஏறுகிறது. 40-ல் 142 ஆனதைப் பார்த்தோம். இறங்கக்கூடிய கடைசிப் படி மாறுநிலைக் கோணமான 24.5. அங்கே மோதலில் கழிவது எதுவும் இல்லை. பயணக் கட்டம் மட்டும் சுமார் 324 டிகிரி. இன்னும் 36 டிகிரி போதவில்லை. அதற்குக் கீழே கோணம் குறைந்தால் ஒளி கண்ணாடிக்குள் கசிந்துவிடும். ஆக இரண்டாவது மோட் பிறக்கவே வழியில்லை.

தகட்டைத் தடிப்பாக்கினால் பயணக் கட்டம் கூடும். எந்தத் தடிமனில் சரியாக 360 வரும் என்பதற்கு ஒரு சிறிய சூத்திரம் இருக்கிறது:

```
d = λ / (2·√(n₁² − n₂²))
```

3.48-இன் வர்க்கத்திலிருந்து 1.444-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 3.166. 1550-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் சுமார் 245 நானோமீட்டர். இதுதான் எல்லைக்கோடு. 245-க்குள் இருந்தால் டி.இ. வகையில் ஒரே மோட், மற்றொரு அதிர்வுத் திசையான டி.எம். வகையிலும் ஒரே மோட். தாண்டினால் இரண்டாவது வந்துவிடும். 220 என்ற தரம் இந்த ஒரு கணக்கிலிருந்து மட்டும் வந்தது அல்ல. ஆனால் அது இந்தக் கோட்டுக்கு உள்ளே, தயாரிப்பில் வரும் சிறு ஏற்ற இறக்கங்களுக்கும் இடம் விட்டு நிற்கிறது.

ரெண்டு மோட் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

ஒவ்வொரு மோடும் தனித்தனிக் கோணத்தில் ஓடுவதால், நீளவாக்கில் அவை முன்னேறும் வேகமும் வேறுபடும். ஒரே நேரத்தில் கிளம்பிய ஒளித்துடிப்பு இரண்டாகப் பிரிந்து முன்பின்னாக வந்து சேரும். அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் 0 எது, 1 எது என்று பெட்டியால் பிரித்தறிய முடியாது. சில்லுக்குள் தூரம் குறைவு. அங்கே தொல்லை வேறு விதம். இரண்டு மோடுகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, வெளிவரும் ஒளியின் அளவை அலைநீளத்துக்கு அலைநீளம் ஏற்றியிறக்கும். லேசரின் அலைநீளத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வெளியீட்டை வரைந்தால், சமமாக இருக்க வேண்டிய கோடு சீப்புப் பல்போல மேலும் கீழும் ஆடும். வேண்டாத மோட் உள்ளே இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

அலைநீளத்தை மாற்றினால் எல்லைக்கோடும் மாறும் என்பதை மறக்கக் கூடாது. அதே 220 தகட்டில் 1310 நானோமீட்டர் ஒளியை விட்டால் எல்லை சுமார் 205-க்கு இறங்கிவிடுகிறது. மாறுநிலைக் கோணத்தில் கட்டம் 386 டிகிரி, 360-ஐத் தாண்டியாயிற்று. அகலமான தகட்டில் இரண்டாவது மோட் மயிரிழையில் உயிர் பெற்றுவிடும். நடைமுறைச் சில்லுகளில் தகட்டை 400, 500 நானோமீட்டர் அகல வரிகளாக வெட்டிவிடுகிறார்கள். பக்கவாட்டிலும் ஒளி ஒடுக்கப்படுவதால் அங்கே கணக்கு மறுபடி மாறும். தகட்டுக் கணக்கு முதல் மதிப்பீடு. வரிக்குக் கணினியில் முழுக் கணக்குப் போட்டாக வேண்டும்.

அடியில் இருக்கும் கண்ணாடியும் முக்கியம்

மோதும்போது ஒளி வெளியே எட்டிப்பார்த்துத் திரும்புகிறது என்று சொன்னோம். எவ்வளவு தூரம்? நம் 55 டிகிரி மோடுக்கு, கண்ணாடிக்குள் ஒவ்வொரு 100 நானோமீட்டருக்கும் அதன் புலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். சின்னத் தூரம்தான். ஆனால் அந்தக் கண்ணாடி அடுக்குக்குக் கீழே சில்லைத் தாங்கும் தடித்த சிலிக்கான் இருக்கிறது. அதன் எண்ணும் 3.48. கண்ணாடி மெல்லியதாக இருந்தால், எட்டிப்பார்க்கும் ஒளியின் வால் அடிச்சிலிக்கானைத் தொட்டு அந்த வழியே வடிந்துவிடும். மேற்பரப்பில் முழு அக எதிரொளிப்பு, கீழே ஓட்டை! டி.எம். வகையின் வால் இன்னும் நீளம். அதனால்தான் கண்ணாடி அடுக்கை 2000 நானோமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமனாக வைக்கிறார்கள்.

தடிமனில் வரும் பிழைக்கும் விலை உண்டு. தகடு 220-க்குப் பதில் 215 ஆக அமைந்தால் 2.852 என்ற எண் 2.835 ஆகும். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் சில்லில் குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுக்க வளைய வடிவ வடிகட்டிகள் உண்டு. வளையத்தை ஒருமுறை சுற்றி வரும்போதும் தாளம் பொருந்த வேண்டும் என்பதே அவற்றின் விதி. இந்த 5 நானோமீட்டர் பிழையில் வடிகட்டி பிடிக்கும் அலைநீளம் பல நானோமீட்டர் நகர்ந்துவிடும். தொலைத்தொடர்பில் அடுத்தடுத்த அலைவரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியோ பல இடங்களில் 0.8 நானோமீட்டர்தான். பக்கத்து வீட்டுக் கடிதத்தைப் பிரித்த கதையாகிவிடும். எனவே வளையத்துக்கு மேலே நுண்ணிய சூடேற்றி வைத்து, சிலிக்கானைக் கொஞ்சம் சூடாக்கி, எண்ணை மாற்றித் தாளத்தைத் திருத்துகிறார்கள்.

தெருவில் தொங்கும் கேபிளுக்கும் இதே கணக்கு

சிலிக்கானுக்கும் கண்ணாடிக்கும் எண்ணில் பெரிய வித்தியாசம் இருப்பதால் ஒற்றை மோட் தகடு 245 நானோமீட்டருக்குள் அடங்கியது. ஒளி இழையில் நடுக்கண்ணாடிக்கும் சுற்றுக்கண்ணாடிக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. 1.449, 1.444 என்று வைத்து அதே சூத்திரத்தில் போட்டால் 6.4 மைக்ரோமீட்டர் வரும். இழை உருளை வடிவம் என்பதால் எண் கொஞ்சம் கூடும். வழக்கமான ஒற்றை மோட் இழையின் நடுப்பகுதி 8, 9 மைக்ரோமீட்டர் அளவில் இருப்பது இதனால்தான்.

இத்தகைய இழைகளுக்கான சர்வதேசத் தரத்தில் இரண்டாவது மோட் மறைந்துவிட வேண்டிய எல்லை 1260 நானோமீட்டர். வீட்டுப் பெட்டியின் 1310, 1490 இரண்டும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. ஆனால் பழுது பார்க்க வருபவர் இழைக்குள் விடும் சிவப்பு விளக்கு 650 நானோமீட்டர் அளவிலானது. எல்லைக்குக் கீழே வெகுதூரம். அதே இழையில் அந்தச் சிவப்பு ஒளி சில மோடுகளாகப் பிரிந்து ஓடும். இழையின் முனையை வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்தால், ஒரே வட்டமாக விழாமல் திட்டுத் திட்டாகத் தெரியும். இழையைத் தொட்டு அசைத்தால் திட்டுகளும் இடம் மாறும். இதைத் தாளில்தான் பார்க்க வேண்டும். இழை முனையைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒருபோதும் பார்க்கக் கூடாது. வேலை செய்யும் இழையில் ஓடும் அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது.

அதே இழை, அதே முழு அக எதிரொளிப்பு. சிவப்புக்குப் பல பாதைகள், அகச்சிவப்புக்கு ஒரே பாதை. இரண்டையும் பிரிப்பது, ஒரு சுற்று முடியும்போது 360 டிகிரி சேர்கிறதா இல்லையா என்ற அந்தக் கணக்கு மட்டும்தான்.